எச்-4 விசாவில் ஒரு பல் மருத்துவர்

நான்கு ஆண்டு வகுப்பு, ஓராண்டுப் பயிற்சி என்று பி.டி.எஸ். முடித்து, ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டு மூன்று ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர், திருமணமாகிக் கணவரோடு அமெரிக்காவில் போய் இறங்குகிறார். நேற்று வரை வேர்ச் சிகிச்சை செய்தவர். இறங்கிய நாளிலிருந்து அங்கே ஒருவருடைய பல்லைச் சுத்தம் செய்வதற்குக்கூட அவருக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. டல்லஸிலும் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம். பெரும்பாலும் பெண்கள்தான். மனைவியின் விசாவைச் சார்ந்து வந்த ஆண்களும் உண்டு. அவர்கள் நிலையும் இதுவே.

"எச்-4ல வந்தா வீட்லதான் இருக்கணும்" என்று ஒருவர் சொல்வார். "பரீட்சை எழுதிட்டா பிராக்டிஸ் பண்ணலாமாம்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பிச் சிலர் ஆண்டுகளை இழக்கிறார்கள், சிலர் பெருங்கடனில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே விஷயம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அந்தப் பெண்ணின் முன்னால் இருக்கும் கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று, அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை செய்யும் உரிமை. அதைத் தருவது மத்தியக் குடியேற்றத் துறை. மற்றொன்று, பல் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமம். அதைத் தருவது அந்தந்த மாநிலத்தின் பல் மருத்துவ வாரியம். இரண்டுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. வேலை அனுமதி கிடைத்துவிட்டால் பல் பார்க்கலாம் என்று பொருளில்லை. பல் மருத்துவப் பட்டத்தை அங்கேயே மறுபடி வாங்கினாலும் வேலை அனுமதி தானாக வந்துவிடாது. இந்தப் பிந்திய செய்திதான் பலருக்குத் தாமதமாகத் தெரியவருகிறது.

முதல் பூட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் எச்-1பி விசாவில் இருந்தால் மனைவிக்கு எச்-4. இந்த விசாவில் படிக்கலாம், தேர்வு எழுதலாம், வாகனம் ஓட்ட உரிமம் எடுக்கலாம். ஊதியம் பெறும் வேலை கூடாது. 2015 மே மாதம் முதல் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. கணவருடைய கிரீன் கார்டு நடைமுறையில் ஐ-140 என்னும் மனு ஏற்கப்பட்டிருந்தால், எச்-4இல் இருக்கும் துணைவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எல்லோரும் இஏடி என்று சொல்வது இந்த அட்டையைத்தான். கையில் வந்துவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், சொந்தமாகத் தொழிலும் தொடங்கலாம். கணவர் எல்-1 விசாவில் போயிருந்தால் கதையே வேறு. எல்-2 துணைவர்களுக்கு 2021 நவம்பரிலிருந்து விசாவோடு சேர்ந்தே வேலை உரிமையும் வந்துவிடுகிறது.

ஐ-140 எப்போது வரும்? அதற்கு முன் பெர்ம் என்ற கட்டம் உண்டு. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி தொழிலாளர் துறைக்கு நிரூபிக்கும் கட்டம் அது. இப்போதைய வேகத்தில் இதற்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அதன் பிறகு கூடுதல் கட்டணம் கட்டினால் ஐ-140 சில வாரங்களில் முடிந்துவிடும். ஆக, நாள் எண்ணத் தொடங்குவது கம்பெனி பெர்மைத் தொடங்கும் நாளிலிருந்துதான். சில கம்பெனிகள் வேலையில் சேர்ந்தவுடன் தொடங்கும். சில ஓராண்டு கழித்து. சில, ஊழியர் கேட்கும் வரை பேச்சே எடுக்காது. பெண் பார்க்க வரும் வீட்டில் சம்பளம், ஊர், வீடு எல்லாம் விசாரிக்கிறோம். பல் மருத்துவர் ஒருவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வி, "உங்க கம்பெனியில பெர்ம் எப்ப ஆரம்பிப்பாங்க?" என்பது. அதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இஏடி நிரந்தரமானதும் அல்ல. எச்-4 முடியும் தேதியோடு அதுவும் முடியும். புதுப்பிக்க, காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் நேரத்தோடு விண்ணப்பித்தவர்களில் பலருக்குப் பழைய அட்டையே சில காலம் தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கல் செய்யும் புதுப்பிப்புகளுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். புது அட்டை வரத் தாமதமானால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். இந்த அனுமதியே செல்லாது என்று தொடுத்த வழக்கு பத்தாண்டு ஓடி, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்ததோடு முடிந்தது. அது ஆறுதல்தான். ஆனாலும் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, துறை வகுத்த விதி. துறை நினைத்தால் மாற்றலாம்.

இனி இரண்டாவது பூட்டு. அமெரிக்காவில் பல் மருத்துவ உரிமம் பெற, அனேகமாக எல்லா மாநிலங்களிலும், கோடா என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம் வேண்டும். நம் பி.டி.எஸ். படிப்புக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அதற்காக நான்கு ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களை நேராக நடு ஆண்டில் சேர்த்துக்கொண்டு, இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் தரும் வகுப்புகள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பாஸ்டன் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்றவை நெடுங்காலமாக இவற்றை நடத்துகின்றன. அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் என்று பெயர். இரண்டு பட்டங்களுக்கும் பெயரில்தான் வேறுபாடு, மதிப்பு ஒன்றே.

அங்கே சேருவதற்கான ஏற்பாட்டில் பாதி வேலை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விமானம் ஏறும் முன் செய்தால் நாட்கணக்கில் முடியும். ஏறிய பிறகு செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்தோ, படித்தது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானால் அங்கிருந்தோ, மதிப்பெண் விவரங்கள் மூடி முத்திரையிட்ட உறையில் நேராகப் போக வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதம் வேண்டும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு நடப்பில் இருக்கிறது, புகார் எதுவும் இல்லை என்ற நற்சான்று வேண்டும். ஊரை விட்டுப் போகிறோமே, இனி எதற்கு என்று பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் அந்தச் சான்றுக்காகப் பிற்பாடு அலைகிறார்கள். பாடம் நடத்திய பேராசிரியர்கள் ஓய்வு பெறுமுன், உங்களை நினைவில் வைத்திருக்கும்போதே, பரிந்துரைக் கடிதத்துக்குச் சம்மதம் வாங்கி, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியையும் குறித்துக்கொள்வது நல்லது.

ஆவணங்கள் போய்ச் சேரும் இடம், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் ஈசிஇ என்ற நிறுவனம். அதன் அறிக்கை கிடைத்த பிறகுதான் ஐஎன்பிடிஇ என்ற தேசியத் தேர்வை எழுத முடியும். 500 கேள்விகள், இரண்டு நாள். முதல் நாள் 360, இரண்டாம் நாள் 140. முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே வரும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும். நமக்கு இதில் சிரமம் பாடத்தில் இல்லை, கேட்கும் விதத்தில் இருக்கிறது. நாம் மருந்தியலையும் நோயியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்து, தனித்தனியே எழுதித் தேறியவர்கள். இந்தத் தேர்வில் ஒரு நோயாளியின் வயது, மருந்துப் பட்டியல், எக்ஸ்ரே எல்லாம் தந்து, பல்லை எடுக்கும் முன் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது அந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். பல்லின் எண்ணும் மாறுகிறது. கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை நாம் 36 என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் அது 19. அங்கே வலப்பக்க மேல்தாடையின் கடைசிப் பல்லில் 1 என்று தொடங்கி, சுற்றிவந்து 32இல் முடிப்பார்கள். எந்தப் பல் என்று யோசித்து மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்கத் தேர்வில் நேரம் இருக்காது. படிக்கத் தொடங்கும் நாளிலிருந்தே புதிய எண்ணில் படிப்பதுதான் வழி.

இந்தத் தேர்வு எழுத இஏடி தேவையில்லை. பெர்ம் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும் இரண்டு ஆண்டுகளிலேயே இதை முடித்துவிடலாம். அட்டை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பெரிய இழப்பு. படிப்பு மறப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், கை மறந்துவிடும்.

பல கல்லூரிகள் நேர்காணலோடு பெஞ்ச் டெஸ்ட் வைக்கின்றன. டைப்போடான்ட் என்ற செயற்கைத் தாடையில் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். குறித்த நேரத்தில் ஒரு பல்லில் அடைப்புக்கான குழி வெட்ட வேண்டும், இன்னொன்றைத் தொப்பி போடுவதற்காகச் செதுக்க வேண்டும். அளவு மில்லிமீட்டரின் பின்னங்களில் இருக்கும். ஆழம் கூடினாலும் குறைந்தாலும் மதிப்பெண் போகும். பக்கத்துப் பல்லில் டிரில் பட்டுக் கீறல் விழுந்தால் அதற்கும் போகும். ஊரில் நாளெல்லாம் நோயாளி பார்த்தவருக்கு இது கஷ்டமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நெரிசலான கிளினிக்கில் வேகமாக வேலை முடித்துப் பழகிய கை வேறு, சுவரின் சாய்வைக்கூட அளந்து பார்க்கும் தேர்வாளருக்கு வெட்டிக் காட்டும் கை வேறு. இரண்டு ஆண்டு கருவியைத் தொடாதவருக்கு அந்த நடுக்கம் முதல் பல்லிலேயே தெரிந்துவிடும். வீட்டு மேசையில் டைப்போடான்ட்டைப் பொருத்தி, சிறிய மின்மோட்டார் கருவியோடு பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் போதும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் பழகினால் போதாது.

விண்ணப்பங்கள் காப்பிட் என்ற பொதுத் தளத்தின் வழியே ஆண்டுக்கு ஒரு சுற்றாகப் போகும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. விண்ணப்பத்தில் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இடைவெளி. 2022இல் கிளினிக்கை விட்டவர் 2025 வரை என்ன செய்தார்? இஏடி இல்லாதவர் சட்டத்தை மீறாமல் செய்யக்கூடியவை சில உண்டு. அங்குள்ள பல் மருத்துவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பின்னால் பரிந்துரைக் கடிதம் தர அவரே பொருத்தமானவர். மிஷன் ஆஃப் மெர்சி என்ற பெயரில் பல மாநிலங்களில் நடக்கும் இலவசப் பல் முகாம்களில் தொண்டராகப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. தனியார் கிளினிக்கில், சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தாலும் குடியேற்றத் துறை அதை வேலையாகவே பார்க்கக்கூடும். "சும்மா வந்து ஹெல்ப் பண்ணுங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்று கூப்பிடும் இடங்களுக்குப் போகாதீர்கள். அந்த உதவியால் விசா பறிபோனால் கூப்பிட்டவர் பொறுப்பேற்க மாட்டார்.

இனிப் பணம். ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்தில் பி.டி.எஸ். முடித்த பெண். கணவர் டல்லஸ் பக்கம் மென்பொருள் வேலையில். முதல் ஆண்டில் ஆவணங்களும் ஈசிஇ அறிக்கையும், இரண்டாம் ஆண்டில் தேசியத் தேர்வும் முடிந்தன. மூன்றாம் ஆண்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக் கட்டணம் 2,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேலே கேட்கும் தனியார் கல்லூரிகளும் உண்டு. எச்-4இல் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது. அங்குள்ள தனியார் கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இணைந்து கையெழுத்திடக் கேட்பார்கள். இல்லையென்றால் ஊரில் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதுதான் நடக்கிறது. வட்டி 10 சதவீதம், பத்தாண்டுத் தவணை என்றால், படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டாலும், பிறகு மாதம் ஏறத்தாழ 2,640 டாலர் கட்ட வேண்டும்.

பல் மருத்துவர்களின் நடுநிலை ஆண்டு வருமானம் 2024இல் ஏறத்தாழ 1,79,000 டாலர் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. மாதத்துக்கு வரிக்கு முன் 14,900. புதிதாகத் தொடங்குகிறவர் அதைவிடக் குறைவாகப் பெற்றாலும் 2,640 கட்டுவது இயலும். ஆனால் இந்தக் கணக்கு அவர் வேலை செய்ய முடியும் என்பதை எடுத்துக்கொண்டு போட்டது. பட்டம் வாங்கும் நாளில் கணவரின் ஐ-140 இன்னும் ஏற்கப்படவில்லை என்றால்? எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவருக்குப் படிப்புக்குப் பின் ஓராண்டு ஓபிடி வேலை அனுமதி உண்டு. எச்-4இலேயே இருந்து படித்தவருக்கு அது கிடையாது. கையில் அமெரிக்கப் பட்டம், தேர்ச்சி, உரிமம் எல்லாம் இருக்கும். கிளினிக்கில் கால் வைக்க முடியாது. தவணையோ மாதா மாதம் கணவரின் ஒற்றைச் சம்பளத்திலிருந்து போகும்.

ஆகவே சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது, "இஏடி கையில் இருக்கிறதா, அல்லது பட்டம் வாங்குவதற்குள் நிச்சயமாக வருமா?" என்பதுதான். ஆம் என்றால் எச்-4இல் படிக்கலாம். இல்லை என்றால் எஃப்-1க்கு மாறிப் படிப்பது மேல். ஓபிடி ஓராண்டில், சொந்தமாக எச்-1பி மனுப் போடும் கிளினிக்கைத் தேடலாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கில்லாத மருத்துவமனைகள் அந்த விசாவின் குலுக்கலுக்கு உட்பட்டவை அல்ல என்பதால், அங்கே மேற்பயிற்சிக்குப் போகிறவர்களும் உண்டு. எச்-4இல் கழித்த ஆண்டுகள், பின்னால் கிடைக்கும் எச்-1பியின் ஆறு ஆண்டு வரம்பில் கழிக்கப்படுவதில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் இரண்டு லட்சம் டாலர் வழியில் போகத்தான் வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இஏடி வந்துவிட்ட பெண், பல மாநிலங்களில், எக்ஸ்ரே எடுப்பதற்கான சான்றிதழ் போன்ற சிறிய தகுதிகளோடு டென்டல் அசிஸ்டென்டாக வேலை தொடங்கலாம். நடுநிலை வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 47,000 டாலர். நேற்று டாக்டர் என்று அழைக்கப்பட்டவருக்கு, இன்னொருவருக்கு உறிஞ்சுகுழாய் பிடித்து நிற்பது மனதுக்கு எளிதல்ல. இது சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ள பதிவேடு, காப்பீட்டுக் குறியீடு, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். பின்னால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும். பல்லைச் சுத்தம் செய்து ஈறு நோயைக் கவனிக்கும் ஹைஜீனிஸ்ட்டின் நடுநிலை வருமானம் 94,000 டாலர் அளவில் இருக்கிறது. அதற்குத் தனிப் படிப்பும் உரிமமும் வேண்டும். ஃபுளோரிடா மாநிலம் வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களை, ஹைஜீனிஸ்ட் படிப்பு இல்லாமலே அந்த உரிமத் தேர்வுகளை எழுத விடுகிறது. ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்கு மாறுவது சிக்கல். கணவரின் வேலை ஃபுளோரிடாவிலேயே நிலைக்கும் என்றால் யோசிக்கலாம்.

கையால் செய்யும் வேலையை விட மனமில்லாதவருக்கு இந்தப் பாதைகள் தற்காலிகமே. கிளினிக்கை விட்டாலும் பரவாயில்லை என்கிறவர்கள் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, மருத்துவ ஆய்வு நிர்வாகம், காப்பீட்டு நிறுவனங்களில் பல் சிகிச்சைக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என்று போகிறார்கள். எதற்குப் போனாலும், அந்த முடிவை வந்த ஓரிரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடுவது நல்லது. எதையும் முடிவு செய்யாமல் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தால், கல்லூரிகளும் தயங்குகின்றன, கையும் தயங்குகிறது.

கடைசியாக ஒரு விஷயம், இதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். படிப்பின் நடுவில் கணவருக்கு வேலை போனால், எச்-1பிக்குத் தரப்படும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். மனைவியின் எச்-4 அதோடு கட்டப்பட்டது. அதற்குள் அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்றால், மனைவி எஃப்-1க்கு மாற விண்ணப்பிக்கலாம்; அப்போது கணவர் அவரைச் சார்ந்து எஃப்-2 விசா கேட்கலாம். இதற்குக் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் ஐ-20 என்ற படிவத்தைத் தர வேண்டும்; அதைத் தருமுன் மீதிக் கட்டணத்துக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியைக் கேட்பார்கள். வேலை போன வாரத்தில் போய் நின்று இதையெல்லாம் விசாரிக்க நேரம் இருக்காது. சேரும் வாரத்திலேயே அந்த அலுவலகத்துக்குப் போய், அவசரத்தில் ஐ-20 எத்தனை நாளில் கிடைக்கும், எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.